டிரம்மின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆபத்து

மாணவர்களே, அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். குளியலறைக்குப் பக்கத்திலோ வீட்டுப் பின்புறத்திலோ நிற்கும் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து, கைவிளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று அடையாளங்களில் ஒன்றையாவது காண்பீர்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பச்சையாக ஒரு வளையம் இருக்கும். தொட்டால் சுவர் வழவழவென்று வழுக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால், நெளிந்து நெளிந்து கீழே ஓடும் சின்னஞ்சிறு புழுக்கள் தெரியும். நம் நாட்டில் எல்லாரும் 'ஜெந்திக்-ஜெந்திக்' என்று சொல்லும் கொசுப்புழுக்கள்தாம் அவை.

இம்மூன்றும் ஒரே அழுக்கின் மூன்று முகங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒன்றைத் தடுக்கும் வழி மற்றொன்றைத் தடுக்காது. காரணம் புரிந்தால்தான் எதை எப்போது கழுவுவது என்று முடிவு செய்ய முடியும்.

டிரம் ஏன் இன்னும் இருக்கிறது?

கிந்தா ஆற்றின் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாக ஈப்போ வீடுகளுக்கு வருகிறது. கூரைக்கடியில் ஒரு தொட்டியும் இருக்கிறது. அப்படியிருந்தும் டிரம்மை யாரும் தூக்கி எறிவதில்லை. குழாய் பழுதுபார்ப்பு, நீர்த்தடை, உயரமான இடத்தில் குறைந்த அழுத்தம் ஆகியவை ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம். லயத்து வீடுகளில் பொதுக்குழாயிலிருந்து நீர் பிடித்து நிரப்பி வைத்த தலைமுறை, நிறைந்த டிரம்மைக் கண்டால்தான் நிம்மதியாகத் தூங்கும். தோட்டம் செம்பனைக்கு மாறினாலும், குடும்பம் தாமானுக்குக் குடிபெயர்ந்தாலும், டிரம்மும் கூடவே வந்துவிடுகிறது.

அந்த டிரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் வந்த டிரம், களைக்கொல்லி வந்த டிரம் ஆகியவற்றைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. பிளாஸ்டிக் இரசாயனத்தைச் சிறிதளவு உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல நீரில் விடும். எத்தனை முறை கழுவினாலும் அது முழுதாகப் போகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதில் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது.

பச்சை வளையம்: வெளிச்சம் செய்யும் வேலை

பச்சையாகப் படிவது பாசி. அது தாவரத்தைப் போல ஒளிச்சேர்க்கை செய்து வாழ்கிறது. ஆகவே, அதற்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். சத்து மிகக் கொஞ்சம் இருந்தாலும் போதும். காற்றில் வரும் தூசியும் விழும் இலைத்துணுக்கும் அதற்குப் போதிய உணவாகிவிடும்.

இருட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். காலியான டிரம்முக்குள் கைவிளக்கை எரியவிட்டு மூடியைப் போடுங்கள். வெளியே நின்று பார்க்கும்போது டிரம்மின் உடல் மங்கலாக ஒளிர்ந்தால், பகலில் சூரிய வெளிச்சம் உள்ளே போகிறது என்று பொருள். வெள்ளை டிரம்மும் மெல்லிய நீல டிரம்மும் பெரும்பாலும் ஒளிரும். கறுப்பு டிரம் ஒளிராது. ஒளிரும் டிரம்மை எத்தனை முறை தேய்த்தாலும் சில வாரங்களில் பாசி திரும்ப வந்துவிடும். அதை நிழலுக்கு மாற்றுவதும், வெளிப்புறத்தில் அடர்நிறச் சாயம் பூசுவதும், தடித்த துணியோ கறுப்புத் தாளோ சுற்றுவதும்தான் நிலையான தீர்வு. வெளிச்சம் நின்றால் பாசி நிற்கும்.

டிரம்மில் வளரும் பச்சைப்பாசி பெரும்பாலும் நஞ்சன்று. ஆனால் அது வேறொரு கெடுதலைச் செய்கிறது. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. வீட்டுக் குழாயில் வரும்போதும் ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது மலேசியக் குடிநீர்த் தரம். திறந்த டிரம்மில் வெயில் பட்டால், சில மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். மூடிய டிரம்மிலும் நாளாக ஆக அது குறையும். பாசியும் சுவரில் படிந்த வழவழப்பும் இந்தக் குறைவை விரைவாக்குகின்றன. அந்த வழவழப்பு என்பது பாக்டீரியாக்கள் சேர்ந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட படலம். காவல் போன பிறகு அதனுள் இருக்கும் கிருமிகள் பெருகுகின்றன. கொசுப்புழுவும் இப்படலத்தையே மேய்ந்து வளர்கிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. குடிக்கும் நீரை டிரம்மில் வைக்க வேண்டாம். வாய் குறுகிய, மூடியுள்ள, அடியில் குழாய் வைத்த சிறு கலனில் தனியாக வையுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரை அதில் ஊற்றுங்கள். குவளையை விட்டு மொள்ளும் ஒவ்வொரு முறையும் நம் கையில் உள்ளவை நீரில் கலக்கின்றன. டிரம் நீர் துவைக்கவும் குளிக்கவும் கழுவவும் இருக்கட்டும்.

புழு வந்த கதை: பத்து நாள் கணக்கு

இப்போது மிக ஆபத்தான விஷயத்துக்கு வருவோம். டிரம்மில் நெளியும் புழு பெரும்பாலும் ஏடிஸ் கொசுவின் குழந்தை. டிங்கி, சிக்குன்குன்யா ஆகிய இரண்டு காய்ச்சல்களையும் பரப்பும் கொசு இது. ஈப்போவுக்கு மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் பாகான் பஞ்சோர் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே குறைந்தது 200 பேர் சிக்குன்குன்யாவால் பாதிக்கப்பட்டனர். அதற்கு முந்திய ஏழாண்டுகளாக மலேசியாவில் அந்நோய் கண்டறியப்படவே இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கும் நோய் அது.

ஏடிஸ் வெகுதூரம் பறப்பதில்லை. பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றி வாழ்கிறது. ஆகவே, உங்களைக் கடித்த ஏடிஸ் பிறந்த இடம் உங்கள் வீடாகவோ அண்டை வீடாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அது எப்படி அங்கே பிறக்கிறது? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள். அவற்றையும் ஒரே இடத்தில் இடாமல், இந்த டிரம்மில் கொஞ்சம், அந்த வாளியில் கொஞ்சம் என்று பிரித்து இடுகிறது. கறுப்பு நிறத்தில், மிளகுத்தூளைவிடச் சிறியதாக இருப்பதால் கண்ணுக்கு அழுக்கைப் போலத்தான் தெரியும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 200 லிட்டர் டிரம் ஒன்று. அதன் குறுக்களவு ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் இரண்டரை லிட்டர் நீர் இருக்கும். அக்குடும்பம் நாளொன்றுக்கு 20 லிட்டர் மொள்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறது. அப்படியானால் தண்ணீர் மட்டம் நாளுக்கு 8 சென்டிமீட்டர் இறங்கும். மூன்று நாளில் 24 சென்டிமீட்டர். அந்த 24 சென்டிமீட்டர் பட்டை முழுவதும் ஈரமான சுவர். விரித்து அளந்தால் ஏறக்குறைய ஏழு ஏ4 தாள்களின் பரப்பு. முட்டையிட இதைவிட நல்ல இடம் ஏடிஸுக்குக் கிடைக்காது.

சனிக்கிழமை இரவு டிரம் நிரப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை மட்டம் இறங்கியிருக்கிறது. தாய்க்கொசு வந்து சுவரில் முட்டையிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டைக்குள் புழு உருவாக இரண்டு நாளளவு ஆகும். செவ்வாய் இரவு அம்மா மறுபடியும் டிரம்மை நிரப்புகிறார். முட்டைகள் மூழ்குகின்றன, பொரிகின்றன. புதன் முதல் அடுத்த ஞாயிறு வரை புழு மூன்று முறை தோலுரித்து வளர்கிறது. திங்களன்று காற்புள்ளி வடிவக் கூட்டுப்புழுவாகிறது. அதன் பிறகு எதையும் உண்பதில்லை. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை கொசுவாகப் பறக்கிறது. முட்டையிட்ட நாளிலிருந்து பறக்கும் நாள் வரை ஏறக்குறைய பத்து நாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிரம்மை நிரப்பும் செயலே முட்டையைப் பொரிக்க வைக்கிறது. காலி செய்யாமல் மேலே மேலே நிரப்பிக்கொண்டே போகும் வீட்டில், தண்ணீர் 'புதியதாக' இருந்தாலும் கொசு பெருகிக்கொண்டே இருக்கும்.

கவிழ்த்தால் மட்டும் போதுமா?

போதாது. தண்ணீரைக் கொட்டினால் புழு போகும். சுவரில் ஒட்டிய முட்டை போகாது. உள்ளே புழு உருவாகிவிட்ட முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். காய்ந்த டிரம்மை ஒதுக்கி வைத்து, நான்கு மாதம் கழித்து நீர்த்தடை அறிவிப்பு வந்ததும் அவசரமாக நிரப்புகிறீர்கள். மறுநாளே புழு நெளிகிறது. 'புதுத் தண்ணீரில் எப்படிப் புழு?' என்று வியப்பீர்கள். அது தண்ணீரோடு வரவில்லை, சுவரில் காத்திருந்தது.

மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டின் எல் புரோகிரெசோ நகரிலும் இதே சிக்கல் இருந்தது. அங்குள்ள பெண்கள் துவைக்கும் தொட்டியையும் டிரம்மையும் ஏற்கெனவே கழுவி வந்தார்கள்; ஆனாலும் ஏடிஸ் குறையவில்லை. ஆய்வாளர்கள் அவர்களுக்குப் புதிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்த பிளீச் திரவத்தையும் சலவைத்தூளையும் கலந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலுள்ள சுவரில் தடவி, சற்றுப் பொறுத்துத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். பிளீச் முட்டையைத் தாக்குகிறது. தேய்ப்பு அதைப் பெயர்த்து எடுக்கிறது. இம்முறைக்கு 'லா உந்தாதீத்தா', அதாவது 'சின்னப் பூச்சு' என்று பெயர் வந்தது. 1998ஆம் ஆண்டு அது மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. மக்கள் ஏற்கெனவே செய்து வந்த வேலையைச் சற்றே மாற்றியதுதான் அதன் சிறப்பு.

நம் வீட்டில் இப்படிச் செய்யலாம். டிரம்மில் உள்ள நீரைப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டுங்கள். மணமில்லாத சாதாரண பிளீச்சையும் சலவைத்தூளையும் குழம்பாகக் கலந்து, பஞ்சால் உட்சுவர் முழுதும், குறிப்பாக விளிம்பிலும் மூடியின் உட்புறத்திலும் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு சொரசொரப்பான தூரிகையால் சுற்றிலும் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுங்கள். அலசிய நீரைச் சாக்கடையில் விடாமல், வெயில் படும் மண்தரையில் கொட்டுங்கள். தேய்த்த பஞ்சையும் தூரிகையையும் வெந்நீரில் அலசிக் காய வையுங்கள். முட்டை அவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கழிவறை கழுவும் அமிலம், வினிகர், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் ஆகிய எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. மூச்சை அடைக்கும் நச்சு வாயு வெளிவரும். கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கால அட்டவணை

மேலே பார்த்த பத்து நாள் கணக்குதான் அட்டவணைக்கு அடிப்படை. முட்டை கொசுவாகப் பத்து நாள் ஆகுமென்றால், ஏழு நாளுக்கு ஒருமுறை தேய்த்தால் எந்தப் புழுவும் பறக்கும் வயதை எட்டாது. நம் கற்பனை வீட்டில் சனிக்கிழமை கழுவியிருந்தால், நான்கு நாள் வயதுப் புழுக்கள் அன்றே முடிந்திருக்கும். ஒரு வாரம் தவறினால் பதினான்கு நாளாகிவிடும். ஒரு தலைமுறை பறந்துவிடும். ஆகவே 'நேரம் கிடைக்கும்போது' என்பது சரிப்படாது. வாரத்தில் ஒரே நாளை முடிவு செய்யுங்கள்.

தினமும்: மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால், மெல்லிய வலைத்துணியைப் போட்டு, பழைய டயர் டியூப் வளையத்தால் கட்டுங்கள். மூடியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தால் அதன் குழிவில் மழைநீர் தேங்கும். அதுவே இன்னொரு தொட்டியாகிவிடும்.

வாரம் ஒருமுறை: டிரம், வாளி, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் தேயுங்கள். தாய்க்கொசு முட்டையைப் பிரித்து இடுவதால், ஒன்றை விட்டுவிட்டால் பயனில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: கூரைத்தொட்டியைக் கழுவுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பேராக்கில் மழை வலுக்கும் இரண்டு பருவங்களும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றன. கூரையில் ஏறுவது பெரியவர்களின் வேலை. நீரை வடித்து, அடியில் படிந்த சேற்றை அகற்றித் தேய்த்த பிறகு, கிருமிநீக்கம் செய்ய வேண்டும். இதற்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தேவை. 5 விழுக்காடு பிளீச்சில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர். 400 லிட்டர் தொட்டிக்கு 400 மில்லிலிட்டர். ஒரு மணி நேரம் வைத்து, முழுதும் வடித்து, வாசனை போகும்வரை அலசிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும். அந்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. வழிந்தோடும் குழாயின் வாயில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் துளையில்லாத கம்பிவலையைக் கட்டுங்கள். கொசு அவ்வழியாகத்தான் உள்ளே போகிறது.

நீர்த்தடை நீளும்போது டிரம்மைக் காலி செய்ய மனம் வராது. அப்போது உதவுவது டெமிஃபோஸ் மணல். ஒரு விழுக்காடு மருந்துள்ள மணல் 10 கிராமை 100 லிட்டரில் போட்டால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆகும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச அளவு அதுவே. அளவைக் கூட்டக் கூடாது. அது புழுவைக் கொல்லும். சுவரிலுள்ள முட்டையையும் உண்ணாத கூட்டுப்புழுவையும் பெரும்பாலும் விட்டுவிடும். நீரை மொண்டு நிரப்ப நிரப்ப மருந்தும் குறைந்துவிடும். அதனால் தேய்ப்புக்கு அது மாற்றாகாது.

எல்லைக்கு அப்பால்

உங்கள் டிரம் சுத்தமாகிவிட்டது. இருந்தும் கொசு கடிக்கிறதா? சுற்றிலும் பாருங்கள். பழைய தோட்டங்களில் ஆளில்லாத லயத்து வீடுகளில் உடைந்த தொட்டி கிடக்கலாம். வெட்டாமல் விடப்பட்ட பால்மரங்களில் மங்குகள் நிமிர்ந்தபடியே தொங்கலாம். மழைநீர் நிறைந்த மங்கில் ஏடிஸின் இன்னோர் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ் தாராளமாக வளரும். மங்கைக் கவிழ்த்து வைக்க ஒரு நொடி போதும். ஆளில்லாத வீட்டைப் பற்றி மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் சொல்லுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், அதிகாரிகள் உள்ளே சென்று சோதிக்கவும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கவும் இடமளிக்கிறது.

இந்தச் சனிக்கிழமை கைவிளக்கோடு தொடங்குங்கள். புழுக்கள் நிழல் பட்டாலே அடியில் போய் ஒளிந்துகொள்ளும்; ஆகவே, மூடியைத் திறந்ததும் அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மூச்சுவிட அவை மேலே வந்தே தீர வேண்டும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால், வாலில் குட்டையான மூச்சுக்குழல் இருந்தால், அது ஏடிஸ். எத்தனை என்று எண்ணி, நாளுடன் நோட்டில் எழுதுங்கள். தேய்த்துக் கழுவி, அடுத்த சனிக்கிழமை மறுபடி எண்ணுங்கள். நான்கு வாரம் தொடர்ந்து பூச்சியம் வந்தால் உங்கள் அட்டவணை சரியாக வேலை செய்கிறது. மூன்றாம் வாரம் திடீரென்று எண்ணிக்கை ஏறினால், எந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டீர்கள் என்று தேடுங்கள். விளிம்பின் அடிப்புறத்தை முதலில் பாருங்கள்.